மாரடைப்புக்குப் பிறகு வாக்கிங்: முதல் ஆறு வாரம் எப்படி நடப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் தாளில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே "தினமும் வாக்கிங் போகவும்" என்று ஒரு வரி இருக்கும். எத்தனை நிமிஷம், எந்த வேகத்தில், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. அதனால் என்ன நடக்கிறது என்றால், ஒருவர் பயந்துபோய் ஒரு மாதம் கட்டிலை விட்டே இறங்குவதில்லை, இன்னொருவர் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே பழைய வாக்கிங் கூட்டாளிகளோடு பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு மூச்சிரைக்க வந்து உட்காருகிறார். இரண்டுமே தப்பு. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று விரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது யாருக்கு? மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்து, சில நாளில் சிக்கல் எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்தவருக்கு. எக்கோவில் பம்பிங் ரொம்பக் குறைந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், இன்னொரு அடைப்புக்கு மறுபடி ஸ்டென்ட் வைக்கவேண்டும் என்று தேதி வாங்கியிருப்பவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு அளவு வேறு, டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மற்றவர்களும் டிஸ்சார்ஜுக்கு முன் "நான் நடக்க ஆரம்பிக்கலாமா, ஏதாவது தடை உண்டா" என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏன் நடக்கவேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள், திரும்பிப் படுக்கக்கூட நர்ஸ் உதவி வேண்டும். 1952-ல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, அதனால் கெடுதல் இல்லை என்று எழுதினார்கள். அப்புறம் 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் போட்டார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது தெரிந்தது, அந்த மூன்று வாரப் படுக்கையில் அவர்கள் உடல் இழந்த திறன், முப்பது வருஷம் வயதானதில் இழந்ததைவிட அதிகம். இருபது வயதுக்காரர்களுக்கே அந்த நிலைமை என்றால், அறுபதை நெருங்குகிறவர் ஒரு மாதம் படுத்திருந்தால் கால் தசை என்னவாகும் என்று பாருங்கள்.

கால் தசையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், நடையினால் கிடைக்கும் முதல் நன்மை இதயத்துக்கு நேரடியாக வருவதில்லை, கால் வழியாகத்தான் வருகிறது. பழகிய தசை ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதே தூரத்தை நடக்க அதற்குக் குறைந்த ரத்தம் போதும், எனவே இதயம் குறைந்த தடவை துடித்தாலே வேலை முடிந்துவிடும். ஆறு வாரம் ஒழுங்காக நடந்தவருக்குக் கடைத்தெரு வரை போய்வரும்போது நாடி முன்னைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, அப்படியென்றால் முதல் வாரமே வேகமாக நடந்தால் என்ன? செத்துப்போன இதயத் தசை இருந்த இடத்தில் உறுதியான தழும்பு உருவாக ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. அதிலும் முதல் இரண்டு வாரம்தான் அந்த இடம் மிகவும் பலவீனமாக இருக்கும். இந்தத் திட்டத்தை ஆறு வாரத்துக்குப் போட்டிருப்பதும் அதனால்தான். ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு போய்விட்டது, இனி என்ன என்று கேட்பவர்கள் நிறைய பேர். ஸ்டென்ட் குழாயைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். தசையின் காயம் ஆற அதற்குரிய காலம் வேண்டும்.

இன்னொரு காரணம் நாடித்துடிப்பு. இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சுருங்கும்போது பெறுவதில்லை, இரண்டு துடிப்புக்கு நடுவில் தளர்ந்து விரியும் அந்த நொடிப்பொழுதில்தான் பெரும்பாலும் பெறுகிறது. நிமிஷத்துக்கு 60 துடிக்கும்போது அந்தத் தளர்வு நேரம் தாராளமாக இருக்கும். 120 துடித்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். அதாவது துடிப்பு ஏற ஏற இதயத்தின் தேவை கூடுகிறது, அதே சமயம் அதற்கு ரத்தம் போய்ச்சேரும் நேரம் குறைகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால்தான் ஆரம்ப வாரங்களில் நாடிக்கு ஒரு உச்சவரம்பு வைக்கிறோம். கணக்கு எளிது: காலையில் எழுந்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உள்ள நாடியோடு 20 கூட்டுங்கள். அதற்கு மேல் போகவேண்டாம். டிரெட்மில் சோதனை செய்து டாக்டர் வேறு எண் சொல்லும்வரை இதுதான் எல்லை.

இணையத்தில் எங்கு பார்த்தாலும் "220-லிருந்து வயதைக் கழியுங்கள்" என்று இருக்கும், ஸ்மார்ட் வாட்ச்களும் பொதுவாக அந்தக் கணக்கை வைத்துத்தான் "இன்னும் வேகமாக" என்று தூண்டும். உங்களுக்கு அது பொருந்தாது. மாரடைப்புக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு மெட்டோபிரோலால், பிசோபிரோலால் மாதிரி ஒரு மாத்திரை கொடுப்பார்கள், அதன் வேலையே நாடியை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வாட்ச் சொல்லும் எண்ணைத் தொட முயன்றால் தன் சக்திக்கு மீறி ஓடவேண்டியிருக்கும். வாட்ச்சில் நாடி பாருங்கள், அது சொல்லும் இலக்கை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

நாடி பார்க்கத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம், கஷ்டமில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டு ஓரத்தில் மற்ற கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். ஆஞ்சியோ எந்த மணிக்கட்டு வழியாகச் செய்தார்களோ அந்தக் கையை விட்டுவிட்டு மற்ற கையில் பாருங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். நடையின் நடுவில் பார்க்கும்போது நின்ற உடனே எண்ணவேண்டும், ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு எண்ணினால் நாடி அதற்குள் இறங்கியிருக்கும், உண்மையான எண் கிடைக்காது.

இதைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு, அதற்கு விரலும் வேண்டாம் கடிகாரமும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். நாடி ஒழுங்கில்லாதவர்களுக்கும், எண்ணிப் பார்த்துப் பதற்றப்படுகிறவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பதற்றமே நாடியை ஏற்றிவிடும், பிறகு எதை நம்புவது?

இப்போது ஒரு ஆளை எடுத்துக்கொண்டு வாரவாரமாகப் பார்ப்போம். மதுரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் 56 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டென்ட், பம்பிங் நன்றாக இருக்கிறது, மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். ஓய்வில் நாடி 66. எனவே இவருடைய எல்லை 86.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே. கூடத்திலிருந்து அடுக்களை வரை, பிறகு திரும்பி, ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. நாடி எழுபதுகளைத் தாண்டவில்லை. "மொட்டைமாடியில் நடக்கட்டுமா, காற்று நன்றாக வருமே" என்று மனைவி கேட்கிறார். மாடியில் நடப்பது சுலபம்தான், ஆனால் அங்கே போகப் படி ஏறவேண்டும், படி ஏறுவது சமதளத்தில் நடப்பதைவிட இதயத்துக்கு அதிக வேலை. முதல் வாரம் வேண்டாம். வீடே மாடியில் இருந்தால் நாலு படி ஏறி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நாலு என்று போகலாம்.

இரண்டாம் வாரம் தெருவுக்கு வருகிறார். பத்து நிமிஷம், காலை ஒன்று மாலை ஒன்று. இங்கேதான் நிறைய பேர் கணக்கை விட்டுவிடுகிறார்கள்: பத்து நிமிஷம் என்றால் ஐந்து நிமிஷம் போய்விட்டுத் திரும்பவேண்டும். பத்து நிமிஷம் நேராகப் போய் "முடிந்தது" என்று நின்றால் வீடு இன்னும் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும், களைத்த உடம்போடு அதையும் நடந்தாகவேண்டும். வீட்டுக்கு அருகிலேயே இரண்டு முனைக்கு நடுவில் போய்வந்துகொண்டிருப்பது இந்த வாரத்துக்கு நல்லது, எந்த நிமிஷமும் வாசலுக்கு வந்துவிடலாம். மேடு வேண்டாம். மேம்பாலம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் வாரம் பதினைந்து நிமிஷம், இரண்டு வேளை. இந்த வாரம்தான் நம் கடைக்காரர் சிக்கலில் மாட்டுகிறார். பழைய நண்பர் ஒருவர் துணைக்கு வருகிறார், அவர் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் ஆள். பேசிக்கொண்டே போகிறார்கள், நண்பரின் கால் வேகத்துக்கு இவர் கால் தானாகவே ஒத்துப்போகிறது. கொஞ்ச நேரத்தில் பேசுவது நண்பர் மட்டும்தான், இவர் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நின்று நாடி பார்த்தால் 102. நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம் கழித்தும் 88-ல் நிற்கிறது, மறுநாள் காலை எழுந்ததுமே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது.

அளவு மீறியதற்கு இவைதான் அடையாளம்: பேச்சு சுருங்குவது, நின்ற பிறகும் நாடி இறங்க நேரமெடுப்பது, மறுநாள் வரை நீளும் களைப்பு. வலி வந்தால்தான் அதிகம் என்று காத்திருக்கக் கூடாது. இவர் செய்யவேண்டியது, இரண்டு மூன்று நாள் இரண்டாம் வாரத்து அளவுக்கே திரும்பி, உடம்பு பழைய நிலைக்கு வந்ததும் மறுபடி பதினைந்து நிமிஷத்துக்குப் போவது. வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை, ஆறு வாரத் திட்டம் எட்டு வாரமானால் எதுவும் கெட்டுவிடாது. துணைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வேகம் என்னுடையது, நீங்கள் என்னோடு வாருங்கள்.

நாலாம் வாரம் இருபது நிமிஷம், ஐந்தாம் வாரம் இருபத்தைந்து, ஆறாம் வாரம் முப்பது நிமிஷம் ஒரே நடையாக. கவனித்தீர்களா, இதுவரை நேரத்தை மட்டும்தான் கூட்டியிருக்கிறோம், வேகத்தைத் தொடவில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால் களைப்பு எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. முப்பது நிமிஷம் சிரமமில்லாமல் வந்த பிறகு, நடையின் நடுவில் இரண்டு நிமிஷம் மட்டும் கொஞ்சம் வேகம் கூட்டி, மறுபடி குறைத்து, அப்புறம் இன்னொரு இரண்டு நிமிஷம் என்று பழகலாம். அப்போதும் நாடி எல்லையைத் தாண்டினால் வேகத்தை விட்டுவிடுங்கள், டிரெட்மில் சோதனை வரை காத்திருக்கலாம்.

வேக நடை என்றால் எவ்வளவு? நிமிஷத்துக்குச் சுமார் 100 காலடி என்பது பலருக்கும் ஒத்துவரும் ஒரு தோராய அளவு. 15 விநாடியில் 25 அடி வருகிறதா என்று எண்ணிப் பார்த்தால் போதும். ஆனால் 70 வயதுக்காரருக்கு 85 அடியே வேக நடையாக இருக்கலாம். பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது: அந்த இடம்தான் உங்கள் வேக நடை, பக்கத்து வீட்டுக்காரரின் வேகம் அதற்குச் சம்பந்தமில்லை.

எல்லா வாரத்துக்கும் பொதுவான ஒன்று, ஆரம்பமும் முடிவும் மெதுவாக இருக்கவேண்டும். நாடியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுகிறவரின் இதயம் திடீர் வேகத்துக்குச் சட்டென்று ஈடுகொடுக்காது, அதனால் நடை முப்பது நிமிஷத்தை எட்டியதும் முதல் பத்து நிமிஷத்தை உலாத்துகிற வேகத்துக்கே கொடுங்கள். முடிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும், சட்டென்று நின்றுவிட்டால் அந்தத் தள்ளல் நின்று ரத்தம் காலிலேயே தங்கிவிடும், பிரஷர் இறங்கித் தலைசுற்றும். நடை முடிந்த உடனே டீக்கடை வாசலில் அசையாமல் நிற்பவர்களுக்கும், வந்த சூட்டோடு வெந்நீரில் குளிப்பவர்களுக்கும் மயக்கம் வருவது இதனால்தான். கடைசி ஐந்து முதல் பத்து நிமிஷம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து முடியுங்கள், குளியலுக்கு அரைமணி நேரம் போகட்டும்.

நடையை ஒழுங்காகச் செய்துவிட்டு வேறு இடத்தில் தவறு செய்பவர்கள் இருக்கிறார்கள். குளியலறையில் நிரம்பிய வாளி பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். தண்ணீர் கேன் 20 லிட்டர், எனவே 20 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. இவற்றைத் தூக்கும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறோம், அந்தச் சில விநாடியில் பிரஷர் எகிறுகிறது. அரைமணி நேர நிதானமான நடையில் வராத சுமை ஒரு கேனைத் திருப்பி வைப்பதில் வந்துவிடும். இந்த ஆறு வாரம் இந்த வேலைகளை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், வாளியில் பாதித் தண்ணீர் போதும். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்குத்தான், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். லேசாகத் துணி மடிப்பது, காய் நறுக்குவது, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் முதல் வாரத்திலிருந்தே செய்யலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் போகட்டும், ஏனென்றால் அப்போது வயிற்றுக்கும் நிறைய ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், வெயிலில் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் தனியாக உழைக்கவேண்டியிருக்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலைசுற்றலும் சீக்கிரம் வரும். காய்ச்சல், சளி இருக்கும் நாளில் நடை வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இன்சுலின் போட்டுக்கொண்டோ, சர்க்கரையைக் கீழே தள்ளும் சில மாத்திரைகளைச் சாப்பிட்டோ வெறும் வயிற்றில் நடக்கப் போனால் சர்க்கரை இறங்கலாம். வழக்கமாக அப்போது படபடப்பு வந்து எச்சரிக்கும், ஆனால் மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரைகள் அந்தப் படபடப்பை மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. எனவே நடக்காமல் நிற்கும்போதும் குளிர்ந்து வியர்த்தால் உட்கார்ந்து, பையில் இருக்கும் குளுக்கோஸையோ சர்க்கரையையோ வாயில் போடுங்கள், வெறும் வயிற்றில் நடக்கக் கிளம்பாதீர்கள். ஆனால் அந்த வியர்வையோடு நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் அதை மாரடைப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்து சொல்வதைச் செய்யுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிச்சல், அல்லது தாடை, தோள், இடது கையில் வலி, திடீர் மூச்சுத்திணறல், கண் இருட்டிக்கொண்டு வருவது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். "வாயுவாக இருக்கும், வீடு வரை போய்விடலாம்" என்று நடக்காதீர்கள். முதலில் உட்காருங்கள், பிறகுதான் டாக்டர் எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வையுங்கள், ஏனென்றால் அது பிரஷரை இறக்கும், நின்றுகொண்டு போட்டால் விழுந்துவிடலாம். ஆண்மைக் குறைவுக்கு வயாகரா மாதிரி மாத்திரை ஒன்றிரண்டு நாளுக்குள் சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட் போடக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். ஐந்து நிமிஷத்தில் வலி முழுதும் போகவில்லை என்றாலோ, கூடிக்கொண்டே போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போகவேண்டாம். வலி போய்விட்டாலும் அன்றைய நடை முடிந்தது, அன்றைக்கே டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

நடைக்குச் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும் இன்னொரு அறிகுறியும் உண்டு. காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் உடம்பில் நீர் கட்டுகிறது என்று அர்த்தம், நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் டிரெட்மில் சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் உங்கள் நாடி எதுவரை பத்திரமாகப் போகிறது என்று தெரிந்துவிடும், அதன் பிறகு "ஓய்வு நாடி கூட்டல் 20" என்ற கணக்கு தேவையில்லை, உங்களுக்கென்றே ஓர் எண் கிடைக்கும். அங்கிருந்து வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது நிமிஷ வேக நடை, மொத்தம் 150 நிமிஷம் என்பதுதான் இலக்கு. கடைசியாக, திருவண்ணாமலை கிரிவலம் எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: அது 14 கிலோமீட்டர், அரைமணி நடை பழகியவர் நேராக அங்கே போகமுடியாது. தினசரி நடை ஒரு மணி நேரம் வரை சிரமமில்லாமல் வந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, துணைக்கு ஒருவரோடு, சார்பிட்ரேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இடையில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்வாருங்கள். முடியாத இடத்தில் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.